‘அனுப்பிட்டேன்’ என்கிறார்... கணக்கில் காணோம்!

வந்தவாசி பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவரும் அவருமாக இரண்டு ஏக்கரில் தூயமல்லியும் கருப்புக் கவுனியும் பயிரிட்டு, அரிசியாக்கி, சென்னையில் சில வீடுகளுக்கு நேரடியாக அனுப்புகிறார்கள். தாம்பரத்தில் மூன்று ஆண்டுகளாக வாங்கும் ஒரு அம்மாவுக்கு இந்த முறை போனது: தூயமல்லி 25 கிலோ, கிலோ 78 ரூபாய், கருப்புக் கவுனி 5 கிலோ, கிலோ 160 ரூபாய், பஸ் பார்சல் கூலி 150 ரூபாய். மொத்தம் 2,900 ரூபாய். 14-ம் தேதி சாயங்காலம் ‘பணம் அனுப்பிட்டேன்’ என்று அந்த அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. பணம் வரவில்லை.

இரண்டு நாள் பொறுத்து வாசகி ஒரு செய்தி அனுப்பினார். 19-ம் தேதி இன்னொன்று. அதற்கு, ‘நான்தான் அன்னிக்கே அனுப்பிட்டேனே, உங்க பேங்க்ல கேளுங்க’ என்று பதில் வந்தது. வங்கியில் கேட்டால், ‘நம்பர் இல்லாம என்னத்தம்மா தேடறது?’ என்கிறார்கள். ‘அந்த அம்மா மூலமாகத்தான் அதே தெருவில் ஆறு வீடு பிடித்தோம். கடுமையாகக் கேட்டால் ஏழு வீடும் போய்விடும். கேட்காமல் விட்டால் 2,900 போய்விடும். எப்படி எழுதுவது?’ என்பது கேள்வி.

கேள்வியோடு தான் அனுப்பிய செய்திகளையும் அப்படியே எழுதியிருந்தார். முதல் செய்தி இது:

‘வணக்கம்மா. தொந்தரவுக்கு மன்னிக்கவும். நீங்க பணம் அனுப்பினதா சொன்னீங்க. எங்களுக்கு வரலைம்மா. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. தப்பா நினைக்காதீங்க.’

இதில் மரியாதைக்குக் குறைவில்லை. மன்னிப்புக்கூட இரண்டு முறை இருக்கிறது. ஆனாலும் படிக்கிறவருக்குச் சுருக்கென்று தைக்கும். காரணம் ‘அனுப்பினதா சொன்னீங்க’ என்ற இடம். நம் பேச்சில் ‘அவர் வந்ததாகச் சொல்கிறார்’ என்றால், சொல்கிறவருக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். மன்னிப்பை எத்தனை முறை சேர்த்தாலும் அந்த ஒரு சொல் ‘உன்னை நம்பவில்லை’ என்றுதான் போய்ச் சேரும். ‘அனுப்பியிருந்தா’ என்று எழுதினாலும் அதே கதைதான்.

அடுத்தது ‘வரலை’. ஒருவர் அனுப்பினேன் என்கிறார், இன்னொருவர் வரவில்லை என்கிறார். இப்படி நேருக்கு நேர் வைத்தால், இருவரில் ஒருவர் பொய் சொல்வதுபோல ஆகிவிடும். ஆனால் யு.பி.ஐ. பணத்தில் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். அவர் கணக்கில் கழிந்து, இவர் கணக்கில் ஏறாமல் நடுவில் நிற்பது உண்டு. இவருடையதே ஆன வேறொரு கணக்குக்குப் போய்விடுவதும் உண்டு.

இதையெல்லாம்விடப் பெரிய குறை, அந்தச் செய்தியில் அந்த அம்மா செய்யக்கூடிய காரியம் எதுவும் இல்லை. ‘பார்த்துச் சொல்லுங்க’ என்றால் எதைப் பார்ப்பது? அவர் தன் போனைத் திறந்து பார்த்திருப்பார். பச்சை நிறத்தில் டிக் இருந்திருக்கும். ‘அனுப்பிட்டேனே’ என்று பதில் போட்டுவிட்டார். அவர் அளவில் அது சரியான பதில்தான்.

ஆகவே பணம் வந்ததா, போனதா என்று கேட்பதை விட்டு, ஒரு எண்ணைக் கேட்க வேண்டும். யு.பி.ஐ. வழியாகப் போகும் ஒவ்வொரு தொகைக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. போன்பேயில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் UTR என்ற பெயரில் இருக்கும். கூகுள் பேயில் UPI transaction ID என்று இருக்கும். அதே பக்கத்தில் ஆப் நிறுவனம் தனக்காக வைத்துக்கொள்ளும் இன்னொரு எண்ணும் இருக்கும். போன்பேயில் அது T என்று தொடங்கும் நீளமான Transaction ID; கூகுள் பேயில் Google transaction ID. பலரும் அவசரத்தில் இதைத்தான் அனுப்புகிறார்கள். வங்கிக்காரருக்கு இது பயன்படாது. முழுக்க இலக்கங்களாகவே உள்ள 12 இலக்க எண்தான் அனுப்பியவர் வங்கியிலும் பெறுபவர் வங்கியிலும் ஒன்றாகப் பதிவாகியிருக்கும். பெரும்பாலான வங்கிகளின் பாஸ்புக்கில், UPI என்று தொடங்கும் வரியில் அந்த எண்ணையே பார்க்கலாம்.

எண்ணைக் கேட்கும் முன், நம் பக்கத்தில் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் நாமே அசடாவோம். குறுஞ்செய்தி வரவில்லை என்பதை வைத்துப் பணம் வரவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. பாஸ்புக்கைப் பதிந்து பார்க்க வேண்டும். பார்க்கும்போது வாடிக்கையாளர் பெயரைத் தேடாமல் தொகையைத் தேடுங்கள். அந்த அம்மா தன் மகன் போனிலிருந்து அனுப்பியிருந்தால் பாஸ்புக்கில் மகன் பெயர்தான் இருக்கும். வாசலில் ஒலிப்பெட்டியோடு கடைக்கான கியூ.ஆர். அட்டை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் விழும் பணம் பல நேரங்களில் அன்றைய மொத்தமாகச் சேர்ந்து, பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். பாஸ்புக்கில் 2,900 என்று தனியாகத் தேடினால் கிடைக்காது. அந்த ஆப்பின் கணக்கில்தான் தனித்தனியாகத் தெரியும்.

இதையெல்லாம் பார்த்தபிறகு 20-ம் தேதி அனுப்புவதற்காக வாசகியின் செய்தி இப்படித் திருத்தி எழுதப்பட்டது:

‘வணக்கம்மா. வந்தவாசி அரிசிக்காரங்க. 14-ம் தேதி நீங்க அனுப்பின 2,900 ரூபாய் எங்க கணக்குல இன்னும் ஏறலை. இன்னிக்குக் காலைல பாஸ்புக் பதிஞ்சு பார்த்துட்டோம். பணம் எங்க நிக்குதுன்னு கண்டுபிடிக்க ஒரு எண் வேணும்மா. நீங்க பணம் அனுப்பின ஆப்ல அந்த 2,900-ஐத் தொட்டுத் திறந்தா UTR இல்லேன்னா UPI transaction ID-ன்னு 12 இலக்க எண் இருக்கும். அந்தப் பக்கத்தை முழுசா படம் எடுத்து அனுப்புங்க. மறுபடி பணம் எதுவும் அனுப்பிட வேண்டாம். எண் வந்ததும் பேங்க்ல கேட்டுட்டு, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நானே உங்களுக்குச் சொல்றேன்.’

பழைய செய்தியைவிட இது நீளம். ஆனால் மன்னிப்பு ஒன்றுகூட இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய காரியமும் நடக்கவில்லை. ‘நீங்க அனுப்பின 2,900’ என்று அந்த அம்மா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. இப்படி எழுதினால் பணம் கிடைத்ததாக ஒப்புக்கொண்டதுபோல ஆகாதா என்று வாசகியின் கணவர் கேட்டிருக்கிறார். ஆகாது. ‘அனுப்பின’ என்பது அவர் செய்தது, ‘ஏறலை’ என்பது நம் கணக்கின் நிலைமை. இரண்டும் ஒரே வரியில் இருப்பதால் யாரும் பணம் வந்துவிட்டது என்று வாதாட முடியாது.

‘பாஸ்புக் பதிஞ்சு பார்த்துட்டோம்’ என்ற சொல், சும்மா சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, பார்த்துவிட்டுத்தான் கேட்கிறோம் என்று காட்டுகிறது. ‘மறுபடி அனுப்ப வேண்டாம்’ என்பது மரியாதைக்காக மட்டும் போட்டதல்ல. சங்கடத்தில் சிலர் உடனே இரண்டாம் முறை அனுப்பிவிடுவார்கள். பிறகு முதல் பணமும் வந்து சேர்ந்தால், திருப்பி அனுப்புவது, கணக்குச் சொல்வது என்று இன்னொரு வேலை சேரும். கடைசி வரியில் நாம் செய்யப்போவதற்கு ஒரு நேரம் குறித்திருக்கிறது. ‘சீக்கிரம் அனுப்புங்க’ என்று அவருக்குக் கெடு வைப்பதைவிட, நமக்கு நாமே கெடு வைத்துக்கொண்டால் பதில் விரைவில் வரும்.

முழுப் பக்கத்தையும் படமாகக் கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. பணம் அனுப்பியவுடன் வரும் டிக் படத்தில் பல நேரம் தொகையும் பெயரும் மட்டும் இருக்கும். பரிவர்த்தனையைத் திறந்தால்தான் எண், நேரம், எந்த யு.பி.ஐ. முகவரிக்குப் போனது என்ற விவரம், நிலைமை எல்லாம் தெரியும். டிக் படத்தைப் போலியாகச் செய்வதும் எளிது. தெரியாத ஆளாக இருந்தால் அதை நம்பிச் சரக்கு ஏற்ற வேண்டாம். நாமும் எண்ணைத் தவிர வேறெதையும் கேட்கக்கூடாது. வங்கி இருப்பு, ஓ.டி.பி. போன்றவற்றைக் கேட்டால் நல்ல வாடிக்கையாளரும் பயந்துவிடுவார். எதிர்ப்பக்கத்திலிருந்து ‘பணம் வர நீங்க பின் போடணும்’ என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை.

படம் வந்தபிறகு நிலைமை என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். Pending அல்லது Processing என்று இருந்தால் பணம் நடுவில் நிற்கிறது என்று அர்த்தம். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, ஒருவர் கணக்கில் கழிந்து மற்றவர் கணக்கில் ஏறாத யு.பி.ஐ. பணம், அனுப்பிய நாளுக்கு அடுத்த நாளுக்குள் அனுப்பியவருக்கே திரும்பிவிட வேண்டும். கடைக்கான கணக்குக்கு அனுப்பியது என்றால் ஐந்து நாள் கெடு. அதற்கும் மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அனுப்பியவருக்குச் சேர வேண்டும். Failed என்று இருந்தும் பணம் கழிந்திருந்தால் அதற்கும் இந்தக் கெடுதான்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நடுவில் நிற்கும் பணத்துக்குப் புகார் கொடுக்க வேண்டியவர் அனுப்பியவர். கழிந்தது அவர் கணக்கில். அவருடைய ஆப்பிலேயே அந்தப் பரிவர்த்தனைக்குக் கீழே புகார் செய்யும் வசதி இருக்கும். அவருடைய வங்கியிலும் கொடுக்கலாம். பெறுபவர் தன் வங்கியில் போய் எத்தனை நாள் நின்றாலும் பயன் இல்லை. அப்படியானால் செய்தி இவ்வாறு போக வேண்டும்:

‘அம்மா, எண் கிடைச்சுது, நன்றி. உங்க கணக்குல கழிஞ்ச பணம் எங்க பேங்க்குக்கு வந்து சேரலை. விதிப்படி அது உங்களுக்கே திரும்பணும். உங்க கணக்குல திரும்ப ஏறியிருக்கான்னு பாருங்க. ஏறலைன்னா அந்தப் பக்கத்துலயே கீழே புகார் கொடுக்கற இடம் இருக்கு. பணம் உங்க கைக்கு வந்தப்புறம் எங்களுக்கு அனுப்பினா போதும்.’

பல நேரம் பணம் ஏற்கெனவே அவருக்குத் திரும்பி, அவர் கவனிக்காமல் இருந்திருப்பார். இந்தச் செய்தி அதை அவரே கண்டுபிடிக்க இடம் கொடுக்கிறது. நாம் சுட்டிக்காட்டினால் கூச்சம் வரும், அவரே பார்த்துச் சொன்னால் வராது.

எண் வரவே இல்லை என்றால்? இரண்டு நாள் விட்டு ஒரே ஒரு முறை மீண்டும் எழுதலாம். ‘எண் இல்லாம பேங்க்ல தேட முடியலைம்மா. உங்க பாஸ்புக்குல 14-ம் தேதி 2,900 கழிஞ்சிருக்கான்னு ஒரு தடவை பாருங்க. சில நேரம் பின் போட்டும் பரிவர்த்தனை முடியாம நின்னுடுது. கழியலைன்னா இந்த எண்ணுக்கே அனுப்பிடுங்க.’ மறந்துபோனவருக்கும், கையில் பணம் இல்லாமல் ‘அனுப்பிட்டேன்’ என்று சொல்லிவிட்டவருக்கும்கூட இது மானத்தோடு திரும்பி வர ஒரு வழி. அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த முறை பணம் ஏறியதைப் பார்த்தபிறகு மூட்டையைக் கட்டினால் போதும். தெருவில் மற்றவர்களிடம் அந்த வீட்டைப் பற்றிப் பேச வேண்டாம். ஏன் என்பது வாசகி வீட்டில் நடந்ததிலிருந்தே தெரியும்.

திருத்திய செய்தி போன கால் மணி நேரத்தில் தாம்பரத்து அம்மாவிடமிருந்து முழுப் பக்கப் படம் வந்துவிட்டது. நிலைமை, பணம் வெற்றிகரமாகப் போய்ச் சேர்ந்ததாகவே காட்டியது. பெயர் வாசகியின் கணவர் பெயர். எண் அவருடைய எண். ஆனால் பாஸ்புக்கில் அந்த 12 இலக்கம் இல்லை. கல்லூரியில் படிக்கும் மகள்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். பணம் போன முகவரி @ybl என்று முடிந்திருந்தது. அப்பாவின் கூகுள் பே முகவரி @oksbi என்று முடியும். @ybl என்பது போன்பேக்காரர்களுக்கு வரும் முகவரிகளில் ஒன்று. ‘நம்ம கிட்ட போன்பேயே இல்லையே’ என்றிருக்கிறார் அப்பா.

இருந்தது. ஏழு மாதத்துக்கு முன், பழைய போனில், உரக்கடைக்குப் பணம் கட்டுவதற்காக யாரோ போன்பே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அப்போது அதோடு இணைத்தது நூறு நாள் வேலைக் கூலி வரும் இன்னொரு வங்கிக் கணக்கை. போன் உடைந்து புதுப் போன் வாங்கியபோது கூகுள் பே மட்டும் போட்டுக்கொண்டார்கள். போனிலிருந்து ஆப் போய்விட்டால் பதிவும் போய்விடும் என்று நினைத்தார்கள். போகாது. உள்ளே போய்க் கணக்கை நீக்கினால்தான் நீங்கும். ஆகவே கூகுள் பேயிலிருந்து அந்த எண்ணுக்கு வந்த பணமெல்லாம் ஒரு கணக்குக்கும், போன்பேயிலிருந்து வந்தது இன்னொரு கணக்குக்கும் போய்க்கொண்டிருந்தது. தாம்பரத்து அம்மா அதுவரை கூகுள் பேயில் அனுப்பிவந்தவர். இந்த முறைதான் போன்பேக்கு மாறியிருக்கிறார். வங்கியின் குறுஞ்செய்தியும் வந்துதான் இருந்தது, ரீசார்ஜ் விளம்பரங்களுக்கு நடுவில்.

மறுநாள் காலை நூறு நாள் வேலை பாஸ்புக்கை எடுத்துப் போய்ப் பதிந்தார்கள். 14-ம் தேதி, 2,900 ரூபாய், அதே 12 இலக்கம். சொன்னபடி சாயங்காலத்துக்கு முன்பே செய்தி போனது: ‘அம்மா, பணம் 14-ம் தேதியே வந்திருக்கு. எங்க இன்னொரு கணக்குல ஏறியிருக்கு, நாங்கதான் பார்க்கலை. எங்க தவறு. நீங்க அனுப்பின படத்தாலதான் கண்டுபிடிச்சோம்.’ மன்னிப்பு இங்கேதான் பொருந்துகிறது. ‘பரவாயில்லம்மா, அடுத்த மாசம் கவுனி பத்து கிலோ வேணும்’ என்று பதில் வந்ததாம்.

அதே பாஸ்புக்கில் இரண்டு மாதத்துக்கு முந்தைய வரி ஒன்றும் இருந்தது. 640 ரூபாய், குரோம்பேட்டையில் எட்டுக் கிலோ தூயமல்லி வாங்கியவர் அனுப்பியது. அவரும் ‘அனுப்பிட்டேன்’ என்றுதான் சொல்லியிருந்தார். அவரிடம் போனில் கொஞ்சம் சூடாகவே பேசியிருக்கிறார் வாசகியின் கணவர். அதன்பிறகு அவர் அரிசி கேட்கவில்லை. அந்த 640 ரூபாய் வந்த தேதியையும் 12 இலக்க எண்ணையும் எழுதி, ‘நீங்க சொன்னதுதான் சரி சார், பணம் அன்னிக்கே வந்திருக்கு, தப்பு எங்க பக்கம்’ என்று அவருக்கும் ஒரு செய்தி போயிருக்கிறது. இந்தக் கடிதம் எழுதும்வரை நீலக் குறி விழுந்திருக்கிறதே தவிர, பதில் வரவில்லை என்கிறார் வாசகி.